தமிழ் ஆய்வேட்டுக்குத் தலைப்பும் திறவுச்சொற்களும் வைப்பது எப்படி: ஓர் ஒப்பாரி ஆய்வை வைத்துப் படிப்படியாக

கல்லூரி நூலகத்தில் ஆய்வேடுகள் அடுக்கியிருக்கும் அலமாரி முன்னால் போய் நின்று, முதுகில் பொன்னெழுத்தில் அச்சிட்டிருக்கும் தலைப்புகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். 'ஓர் ஆய்வு', 'ஒரு பார்வை', 'பன்முக நோக்கு', 'சமுதாயச் சிந்தனைகள்' என்று ஒன்று மாற்றி ஒன்று வரும். உள்ளே இருப்பது என்ன என்று வெளியே தெரியாது. என்னுடைய எம்.ஃபில். ஏட்டின் தலைப்பும் அப்படித்தான் முடிந்தது. அதே வட்டாரத்தில், கிட்டத்தட்ட அதே பொருளில் பின்னால் வேலை செய்த ஒருவரைப் பல வருடம் கழித்துச் சந்தித்தபோது, அப்படி ஓர் ஏடு இருப்பதே தெரியாது, தெரிந்திருந்தால் பாதிக் கேள்விகளை நான் மறுபடி கேட்டே இருக்க மாட்டேன் என்றார். அவர் தேடாமல் இல்லை, தேடியிருக்கிறார். அவர் தேடிய எந்தச் சொல்லும் என் தலைப்பில் இல்லை.

அதனால் தமிழில் ஆய்வேடோ கட்டுரையோ எழுதப்போகிறவர்களுக்கு, ஒரே ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு, தலைப்பை எப்படிச் செதுக்குவது, திறவுச்சொற்களில் என்ன போடுவது என்று எழுதுகிறேன். இலக்கியம், நாட்டுப்புறவியல், வரலாறு, சமூகவியல் செய்பவர்களுக்கு இது நேராகவே பொருந்தும்.

முதலில், உங்கள் தலைப்பு எங்கே போகிறது என்று பாருங்கள்

2009-இல் யுஜிசி விதிமுறை வந்ததிலிருந்து இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஏடுகள் மின்வடிவில் சோத்கங்கா களஞ்சியத்துக்குப் போகின்றன. காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் அதை நடத்துகிறது. அங்கே ஒவ்வோர் ஏட்டுக்கும் ஒரு பக்கம் இருக்கும், அதில் `Title`, `Researcher`, `Guide(s)`, `Keywords`, `University` என்று வரிசையாக விவரம் இருக்கும். தேடுகிறவர் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான், உங்கள் முன்னூறு பக்கத்தை அல்ல.

முழு ஏட்டுக்குள்ளும் தேட முடியுமே என்று கேட்பீர்கள். ஆங்கில ஏடு என்றால் பெரும்பாலும் முடியும். தமிழ் ஏட்டில்தான் சிக்கல். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஏடு திரையில் அழகான தமிழாகத் தெரியும், ஆனால் கணினி உள்ளே வைத்திருப்பது ஆங்கில எழுத்துகளை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்ததை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் இப்படி வரும்:

```
jkpo;
```

இப்படிப்பட்ட பிடிஎஃப்பில் யார் எந்தத் தமிழ்ச் சொல்லைத் தேடினாலும் ஒன்றும் அகப்படாது. அச்சுப் பக்கத்தை ஸ்கேன் செய்து படமாக ஏற்றிய ஏட்டுக்கும் இதே கதிதான். அப்போது தலைப்பும் திறவுச்சொல்லும் ஆய்வுச் சுருக்கமும் மட்டுமே வாசல். உங்கள் ஏட்டை இப்போதே திறந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். குப்பையாக வந்தால், யூனிகோடுக்கு மாற்றிவிட்டு மேற்கொண்டு எழுதுங்கள். முடித்த பிறகு மாற்றுவது பெரிய தலைவலி, மாற்றியில் போட்டாலும் அடிக்குறிப்புகளும் ஆங்கிலச் சொற்களும் சிதறிப்போகும்.

அடுத்து, ஆய்வை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

மாதிரிக்கு வருவோம். ஒரு மாணவி தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் ஒப்பாரிப் பாடல்களைத் தொகுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணவனை இழந்த பெண்கள் பாடும் ஒப்பாரியில் நிலம், வீடு, தாய்வீட்டுச் சீர் பற்றிய குறைகள் எப்படி வருகின்றன என்பது அவருடைய கேள்வி. பதிவின்போது அவர் எழுதிக்கொடுத்த தலைப்பு இது:

நாட்டுப்புறப் பாடல்களில் பெண்கள் – ஓர் ஆய்வு

தலைப்பை உடனே திருத்தப் போகாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில், ஊரில் இருக்கும் அத்தையிடம் சொல்வதுபோல ஒரு வாக்கியம் எழுதுங்கள். எதை எடுத்துக்கொண்டீர்கள், எந்த ஊரில், யாரிடம், என்ன கேள்வி கேட்டீர்கள், இவ்வளவும் அதில் வரவேண்டும். 'பென்னாகரம் பக்கத்தில் கைம்பெண்கள் பாடுகிற ஒப்பாரியைச் சேகரித்து, அதில் நிலத்தையும் வீட்டையும் பற்றி என்ன குறை சொல்கிறார்கள் என்று பார்த்தேன்.' இந்த வாக்கியத்தையும் மேலே இருக்கும் தலைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு தொலைந்துபோயிருக்கிறது என்று தெரியும். 'ஒப்பாரி' என்ற சொல்லே தலைப்பில் இல்லை! ஊர் இல்லை. சொத்து இல்லை. 'பெண்கள்' என்று பொதுவாக இருக்கிறது. தாலாட்டுப் பாடும் தாயா, நடவுப் பாட்டுப் பாடும் கூலிப் பெண்ணா, யாரென்று தெரியாது.

வாக்கியமே எழுத வரவில்லை என்றால் குறை தலைப்பில் இல்லை, ஆய்வுக் கேள்வி இன்னும் பழுக்கவில்லை என்று அர்த்தம். அப்போது நெறியாளரோடு உட்கார்ந்து கேள்வியைப் பேசுங்கள்.

சல்லடையில் போட்டுப் பாருங்கள்

1950களின் கடைசியில் ஐபிஎம் நிறுவனத்தில் ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் ஓர் அட்டவணை முறையைக் கொண்டுவந்தார். கட்டுரைத் தலைப்புகளை மட்டும் கணினிக்குக் கொடுத்தால், அது ஒவ்வொரு தலைப்பிலும் உள்ள முக்கியச் சொற்களை ஒவ்வொன்றாக நடுவில் நிறுத்தி அகரவரிசையில் அச்சிட்டுத் தரும். பயனில்லாத பொதுச் சொற்களுக்கு ஒரு விலக்குப் பட்டியல் உண்டு, அவை வரிசையில் வராது. க்விக் அட்டவணை என்று அதற்குப் பெயர். 1960களில் வேதியியல் கட்டுரைகளுக்கு இப்படி அச்சான அட்டவணைகள் புழக்கத்தில் இருந்தன. அதில் ஒருவருடைய கட்டுரை அகப்பட வேண்டுமானால், பொருளைச் சொல்லும் சொல் தலைப்பிலேயே இருந்தாக வேண்டும். வேறு வழியே இல்லை.

கருவி மாறிவிட்டது, ஆனால் அந்தச் சோதனையை இன்றைக்கும் கையாலேயே செய்து பார்க்கலாம். உங்கள் தலைப்பில் ஓர், ஆய்வு, பார்வை, நோக்கு, பற்றிய, குறித்த, சிந்தனைகள், கூறுகள், காணலாகும் இவற்றையெல்லாம் அடித்துவிடுங்கள். மிச்சம் என்ன? நம் மாதிரியில் 'நாட்டுப்புறப் பாடல்', 'பெண்கள்'. அவ்வளவுதான். இந்த இரண்டையும் தேடல் பெட்டியில் போட்டால் வந்து விழும் கூட்டத்தில் இந்த மாணவியின் ஏட்டை யார் கண்டுபிடிப்பது?

'ஓர் ஆய்வு' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை எடுக்கச் சொன்னால் பலர் தயங்குகிறார்கள், அது இல்லாவிட்டால் ஆய்வேடு மாதிரியே இல்லை என்கிறார்கள். ஆய்வேடு என்பது அட்டையிலேயே இருக்கிறது. அந்த இரண்டு சொல்லின் இடத்தில் 'பென்னாகரம்' வந்தால் அது ஒரு வாசகரைக் கொண்டுவரும்.

சல்லடையில் நிற்கும் சொற்களை மட்டும் வைத்து மறுபடி கட்டினால் இப்படி வரலாம்:

ஒப்பாரிப் பாடல்களில் கைம்பெண்களின் சொத்துரிமைக் குறைகள்: தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தை முன்வைத்து

முன்னதைவிடப் பல மடங்கு மேல். ஆனாலும் இதில் தமிழுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது.

ஒற்றும் உருபும் செய்கிற வேலை

ஆங்கிலத்தில் `song` என்று தேடினால் `songs` இருக்கும் தலைப்பையும் பல தேடல் மென்பொருள்கள் எடுத்துக் கொடுத்துவிடும், ஏனென்றால் ஆங்கில விகுதியை வெட்டிப் பார்க்க அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். தமிழ் உருபை வெட்ட அதே மென்பொருளுக்குப் பெரும்பாலும் தெரியாது. அதற்குப் 'பாடல்' ஒரு சொல், 'பாடல்கள்' வேறு சொல், 'பாடல்களில்' மூன்றாவது சொல். கூகுள் ஓரளவு சமாளித்துவிடும், பல்கலைக்கழக நூலகத்தின் தேடல் பெட்டி பல இடங்களில் சமாளிக்காது.

இதைவிட நுணுக்கமானது ஒற்று. மேலே இருக்கும் தலைப்பில் 'ஒப்பாரி' எங்கே இருக்கிறது? இல்லை. 'ஒப்பாரிப்' என்றுதான் இருக்கிறது, ப் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சொல் முழுதாகப் பொருந்த வேண்டும் என்று எதிர்பார்க்கிற தேடலில் 'ஒப்பாரி' என்று அடிப்பவருக்கு இந்த ஏடு வராமல் போகலாம். அதற்காக ஒற்றை விட்டுவிட்டு எழுத முடியாது, புறத்தேர்வாளர் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார், கேட்பதும் நியாயம்தான்.

வழி இருக்கிறது. முக்கியமான சொல்லுக்கு அடுத்து வல்லினம் வராதபடி சொற்களை மாற்றி அடுக்குங்கள். 'ஒப்பாரி மரபு' என்றால் ஒற்று மிகாது. முக்கியச் சொல்லில் முடிந்தவரை உருபு ஏற்றாதீர்கள், ஏற்ற வேண்டியிருந்தால் அந்த உருபைப் பக்கத்தில் இருக்கும் பொதுச் சொல்லின் தலையில் வையுங்கள். ஒப்பாரியில் என்பதற்குப் பதில் 'ஒப்பாரி மரபில்'. பென்னாகரத்தில் என்பதற்குப் பதில் 'பென்னாகரம் வட்டத்தில்'. இப்படி:

தருமபுரி மாவட்ட ஒப்பாரி மரபில் கைம்பெண் சொத்துரிமை: பென்னாகரம் வட்டக் கள ஆய்வு

இப்போது எண்ணிப் பாருங்கள். தருமபுரி, ஒப்பாரி, கைம்பெண், சொத்துரிமை, பென்னாகரம் என்று ஐந்து சொல்லும் அகராதியில் இருப்பதுபோல வெட்டில்லாமல், ஒட்டில்லாமல் நிற்கின்றன. இலக்கணமும் பிசகவில்லை. கடைசியில் 'ஆய்வு' மறுபடி வந்துவிட்டதே என்றால், 'கள ஆய்வு' என்பது முறையைச் சொல்கிறது. நூல்களை வைத்து எழுதியதல்ல, நேரில் போய்ச் சேகரித்தது என்று வாசகருக்குத் தெரிகிறது. தொகுக்கப்படாத பாடல்களைத் தேடி அலைகிறவருக்கு அது பெரிய செய்தி.

எல்லாத் தலைப்பிலும் இப்படி அமைத்துவிட முடியாது. சில சமயம் 'குறுந்தொகையில்' என்றுதான் எழுத வரும், வலிந்து மாற்றினால் வாசிக்க நன்றாக இருக்காது. அப்போது தலைப்பை விட்டுவிடுங்கள், அந்தச் சொல்லின் வெறும் வடிவத்தைத் திறவுச்சொல்லில் போட்டுக்கொள்ளலாம். அதேபோல சொற்களை ஒட்டி எழுதும் பழக்கம் இருந்தால், 'நாட்டுப்புறப்பாடல்கள்' என்று ஒரே சொல்லாக எழுதாமல் இடைவெளி விட்டு எழுதுங்கள்.

தலைப்பு ஏட்டைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது

ஒரு வட்டத்தில் சேகரித்துவிட்டு 'தமிழக ஒப்பாரிப் பாடல்கள்' என்று வைத்தால், தஞ்சாவூர் ஒப்பாரியைத் தேடி வருபவர் ஏமாந்து திரும்புவார், பென்னாகரம் பாடலைத் தேடுகிறவர் திறக்கவே மாட்டார். 'தாக்கம்' என்ற சொல்லையும் யோசித்துப் போடுங்கள். 'ஒப்பாரியில் சினிமாவின் தாக்கம்' என்றால் சினிமாவுக்கு முன் எப்படி இருந்தது, பின் எப்படி மாறியது என்று இரண்டையும் வைத்துக் காட்டியிருக்க வேண்டும். சில சினிமா மெட்டுகள் பாடலில் வருகின்றன என்பது மட்டும் கையில் இருந்தால் 'சினிமா மெட்டுகள்' என்றே எழுதுங்கள்.

பாடலிலிருந்தே ஓர் அழகான அடியை எடுத்துத் தலைப்பின் முன்னால் வைக்க ஆசை வரும். தடையில்லை, நூலாகப் போடும்போது வையுங்கள். ஆய்வேட்டில் வைப்பதானால் பொருளைச் சொல்லும் பகுதி முன்னால் வரட்டும், மேற்கோள் பின்னால் போகட்டும். தேடல் முடிவுகளிலும் அட்டவணைகளிலும் நீளமான தலைப்பின் வால் வெட்டுப்படும், அப்போது கண்ணில் படுவது முதல் நாலைந்து சொற்கள்தான்.

திறவுச்சொற்கள்: தலைப்பில் இடம் கிடைக்காதவற்றுக்கு

பலரும் கடைசி நாளில், படிவத்தை நிரப்பும்போது, தலைப்பையே உடைத்து நாலு சொல்லாகப் போட்டுவிடுகிறார்கள். இன்னும் மோசம், அதை நிரப்புவதையே வேறு யாரிடமாவது விட்டுவிடுவது. அப்போது `Arts and Humanities` போன்ற ஒரு பொதுப்பிரிவு மட்டும் அங்கே உட்கார்ந்துகொள்கிறது. அந்தச் சொல்லை வைத்து உங்கள் ஏட்டை யாரும் தேடப்போவதில்லை.

திறவுச்சொல்லின் வேலை, உங்கள் சொல்லைப் பயன்படுத்தாத வாசகரையும் உங்களிடம் கொண்டுவருவது. நீங்கள் ஒப்பாரி என்கிறீர்கள், இன்னொருவர் பிலாக்கணம் என்று தேடுவார். நீங்கள் கைம்பெண் என்கிறீர்கள், பழைய ஏடுகளைப் படித்து வருகிறவர் விதவை என்பார். தமிழ்நாட்டில் பலர் நாட்டுப்புறப் பாடல் என்பதை இலங்கையில் பெரும்பாலும் நாட்டார் பாடல் என்பார்கள், பாளையங்கோட்டைப் பக்கம் படித்தவர்களுக்கும் 'நாட்டார் வழக்காற்றியல்'தான் வாய்க்கு வரும். எந்தச் சொல் சரி என்ற வாதத்தை ஏட்டுக்குள்ளே வைத்துக்கொள்ளுங்கள். திறவுச்சொல்லில் இரண்டுமே இருக்கட்டும்.

நம் மாதிரிக்கு நான் போடுவது இது:

```
ஒப்பாரி; பிலாக்கணம்; நாட்டுப்புறப் பாடல்; நாட்டார் பாடல்;
விதவை; பெண் சொத்துரிமை; தாய்வீட்டுச் சீர்; தருமபுரி
```

ஒருமையில், உருபில்லாமல். 'ஒப்பாரி' தலைப்பிலேயே இருக்கிறதே என்று விடவில்லை, ஏனென்றால் சில களஞ்சியங்களில் திறவுச்சொல்லைச் சொடுக்கினால் அதே சொல் உள்ள மற்ற ஏடுகள் வரிசையாக வரும், அந்த வரிசையில் நாமும் இருக்க வேண்டும். 'கைம்பெண்' தலைப்பில் வந்துவிட்டதால் இங்கே 'விதவை'க்கு இடம் கொடுத்தேன். ஐந்து முதல் எட்டு வரை போதும். ஆய்விதழ் என்றால் அவர்கள் எத்தனை கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள், சிலர் ஐந்துக்கு மேல் ஏற்பதில்லை.

சேர்க்கக் கூடாததும் உண்டு. புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களுக்கும் ஒப்பாரிக்கும் உறவு இருக்கிறது என்று முன்னுரையில் ஒரு பத்தி எழுதியிருப்பீர்கள். அதற்காகக் 'கையறுநிலை'யைத் திறவுச்சொல்லாகப் போடாதீர்கள். அந்தச் சொல்லைத் தேடி வருபவருக்கு ஓர் இயல் அளவுக்காவது உள்ளே கொடுக்க இருந்தால் போடுங்கள்.

ஆங்கிலத் தலைப்பும் ரோமன் எழுத்தும்

பதிவுப் படிவத்தில் ஆங்கிலத் தலைப்பும் கேட்பார்கள். இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து தேடுகிற நாட்டுப்புறவியல் ஆய்வாளருக்கு `oppari` தெரியாமல் இருக்கலாம், `lament` தெரியும். தமிழ் தெரிந்தவர் `oppari` என்றே அடிப்பார். இரண்டும் வரட்டும்:

```
Widows' Property Claims in the Oppari Laments of Dharmapuri District:
Fieldwork in Pennagaram Taluk
```

களஞ்சியங்களில் பல தமிழ் ஏடுகளின் தலைப்பு ரோமன் எழுத்தில்தான் ஏறியிருக்கிறது. அங்கே எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும். சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஒருவர் எழுதுவது ஒரு மாதிரி, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி முறையைப் பின்பற்றும் வெளிநாட்டு நூலகம் எழுதுவது வேறு மாதிரி:

```
Silappathikaram
Silappadikaram
Cilappatikaram
```

சங்க இலக்கியமும் இப்படித்தான், `Sangam` என்று ஒரு கூட்டம், `Cankam` என்று ஒரு கூட்டம். இரண்டில் ஒன்றைத் தலைப்பில் வைத்து, இன்னொன்றைத் திறவுச்சொல்லில் வைத்துவிட்டால் தீர்ந்தது.

தேடிப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்

தலைப்பை முடிவு செய்யும் முன் கூகுள் ஸ்காலரில் முதல் வரியையும், சாதாரணக் கூகுளில் இரண்டாவது வரியையும் அடித்துப் பாருங்கள்.

```
allintitle: ஒப்பாரி
site:shodhganga.inflibnet.ac.in oppari
```

முதலாவது, தலைப்பில் அந்தச் சொல் இருப்பதை மட்டும் கொடுக்கும். வந்தவற்றில் உங்களுக்கு நெருக்கமான ஏடுகளைத் திறந்து, அவர்கள் என்ன திறவுச்சொல் வைத்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு சொல்லாவது அகப்படும். உங்கள் தலைப்பிலேயே வேறொருவர் எழுதியிருந்தாலும் இப்போதே தெரிந்துவிடும், வாய்மொழித் தேர்வு நாளில் தெரிய வேண்டாம். அப்புறம் உங்கள் துறைக்கு வெளியே இருக்கும் ஒரு நண்பரிடம் ஆய்வைப் பற்றி வாயால் மட்டும் சொல்லிவிட்டு, 'இதை நீ தேடினால் என்ன அடிப்பாய்?' என்று கேளுங்கள். அவர் அடிக்கும் முதல் இரண்டு சொற்கள் உங்கள் தலைப்பிலோ திறவுச்சொல்லிலோ இல்லை என்றால் சேர்த்துவிடுங்கள்.

பதிவின்போது கொடுத்த தலைப்பு கடைசி வரை மாறக் கூடாது என்று பலர் நினைத்துக்கொண்டு, ஆய்வு வேறு திசையில் போன பிறகும் பழைய தலைப்பையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள். பொதுவாக, ஆய்வுச் சுருக்கம் சமர்ப்பிக்கும் முன் நெறியாளர் ஒப்புதலோடு விண்ணப்பம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். உங்கள் பல்கலைக்கழகத்தில் எந்தக் கட்டம் வரை அனுமதி, கட்டணம் எவ்வளவு என்று ஆய்வுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கம் ஏற்கப்பட்ட பிறகு ஒரு புள்ளியை மாற்றுவதும் கடினம்.

பட்டம் வாங்கிய பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஏடு களஞ்சியத்தில் ஏறியதும் அந்தப் பக்கத்தைத் திறந்து தலைப்பை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். 'ஒப்பாரி' என்பது 'ஒப்பரி' ஆகியிருக்கலாம், `Keywords` இடத்தில் பொதுப்பிரிவு மட்டும் இருக்கலாம், ஆங்கிலத் தலைப்பு விட்டுப்போயிருக்கலாம். உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் ஏற்றும் பொறுப்பில் இருப்பவரிடம், பக்கத்தின் முகவரியும் சரியான வடிவமும் எழுதி, உங்கள் திறவுச்சொல் பட்டியலையும் சேர்த்துக் கொடுத்துத் திருத்தித் தரச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை தேடிப் பாருங்கள்.